கயிறா, நரம்பா? ஒற்றைப் படத்தில் இசைக்கருவியின் இனம் காணல்

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதிய ஆய்வு, சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக 1899-இல் வந்தது. இவர்கள் கேரளத்தவர் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லும், தமிழ் பேசும் மலைமக்கள். பத்தாண்டு கழித்து, 1909-இல், தர்ஸ்டன் ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் நான்காம் தொகுதியில் மலையாளிகள் மறுபடி இடம்பெற்றார்கள். அவருடைய களப்பணியில் அளவுகருவியும் காமிராவும் சேர்ந்தே போயின. மூக்கின் அகலமும் தலையின் நீளமும் குறிக்கப்பட்டன. ஆட்கள் நிற்கவைக்கப்பட்டுப் படம் எடுக்கப்பட்டது.

அந்தக் காலத்து இனவரைவியல் படங்கள் முகத்துக்காகவும் உடைக்காகவும் எடுக்கப்பட்டவை. யார் கையிலாவது வாத்தியம் இருந்தால் அது ஓரத்தில் இருக்கும். விளக்கக் குறிப்பில் பெரும்பாலும் இருக்காது. இன்று ஏற்காட்டுக்குப் போகிறவர்களின் கைபேசிப் படங்களிலும் நிலை பெரிதாக மாறிவிடவில்லை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் எடுத்த படத்தில் கூட்டம் தெரியும், மலை தெரியும். வாசிப்பவரின் கையில் ஏதோ ஒன்றும் தெரியும். பெயர் தெரியாத அந்தப் பொருள் நரம்புக் கருவியா, ஊதும் கருவியா, தட்டும் கருவியா என்று ஒரே படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதுதான் இங்கே கேள்வி.

இந்தக் கேள்வியின் முப்பிரிவே முதலில் கொஞ்சம் இடறுகிறது. தமிழ் மரபு தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று பிரித்து, பாடும் தொண்டையையும் விட்டுவிடாமல் மிடற்றுக்கருவி என்று சேர்த்துக்கொண்டது. தாளம் முதலான உலோகக் கருவிகளைக் கஞ்சக்கருவி என்றது. வடமொழி நாட்டிய சாத்திரமும் நரம்பு, துளை, தோல், கனம் என நான்கு வகை சொல்கிறது. வங்கத்துச் சௌரீந்திர மோகன் தாகூர் 1876-இல் பெல்ஜிய மன்னருக்கு இந்திய வாத்தியங்களின் பெரிய தொகுப்பொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த பிரஸ்ஸல்ஸ் காட்சியகத்தின் பொறுப்பாளர் விக்டர் மயியோன் 1880-இல் வெளியிட்ட பட்டியலில் இதே நான்கு பிரிவுகளைக் கையாண்டார். அதை விரித்தே 1914-இல் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் இன்று உலகக் காட்சியகங்கள் பின்பற்றும் பகுப்பை அமைத்தார்கள். 'தட்டும் கருவி' என்ற சொல் அந்தப் பகுப்பில் இல்லை. தட்டுவது கையின் வேலை. பகுப்பு கேட்பதோ முதலில் அதிர்வது எது என்று. இழுத்துக் கட்டிய தோல் அதிர்ந்தால் ஒரு இனம், இழுத்துக் கட்டிய நரம்பு அதிர்ந்தால் வேறொரு இனம், காற்றே அதிர்ந்தால் இன்னொன்று, கருவியின் உடலே அதிர்ந்தால் நான்காவது.

அதிர்வைப் புகைப்படம் காட்டாது என்பதுதான் சிக்கல். படம் காட்டுவது வடிவத்தை. வடிவமோ இந்த விஷயத்தில் அடிக்கடி பொய் சொல்லும். பானை வயிறு வீணைக்கும் உண்டு, மகுடிக்கும் உண்டு, கடத்துக்கும் உண்டு. நீண்ட தண்டு தம்புராவிலும் உண்டு, நாகசுரத்திலும் உண்டு. ஆகவே வடிவத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டைத் தேட வேண்டியிருக்கிறது: கருவியில் இழுவிசை எங்கே தாங்கப்படுகிறது, வாசிப்பவரின் உடலிலிருந்து விசை எந்த இடத்தில் கருவிக்குள் நுழைகிறது என்ற இரண்டும்தான் அவை. இவை படத்தில் தடயம் விட்டுச்செல்லும்.

முதலில் நரம்பை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் படத்தில் கோடுகோடாக ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நரம்புக் கருவி என்று முடிவு கட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தலைகீழ் முடிவு. பழைய புத்தகம் ஒன்றில் 165 செ.மீ. உயரமுள்ள மனிதர் 11 செ.மீ. உயரத்தில் அச்சாகியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே பதினைந்து மடங்கு சுருங்கியிருக்கிறது. வீணையில் மேல் கம்பியின் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அச்சில் அது 0.03 மி.மீ. ஆகிவிடும். அச்சில் படங்களைப் புள்ளிகளாக உடைக்கும் வலைக்கு அங்குலத்துக்கு 150 கோடு என்றால், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 0.17 மி.மீ. இருக்கும். இந்த வலையில் கம்பி சிக்கவே வழியில்லை. ஒரு மில்லிமீட்டர் தடித்த குடல் நரம்பு என்றாலும் 0.07 மி.மீ.தான். அதுவும் பெரும்பாலும் காணாமல் போகும். மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள கயிறோ 0.2 மி.மீ. ஆகி, மங்கலாகவேனும் அச்சில் நிற்கும்.

கைபேசியிலும் கணக்கு இதே பக்கம்தான் சாய்கிறது. நாலாயிரம் புள்ளி அகலமுள்ள படம் நான்கு மீட்டர் அகலக் காட்சியை அடக்கினால் ஒரு புள்ளிக்கு ஒரு மில்லிமீட்டர். கம்பி அரைப் புள்ளி, கயிறு மூன்று புள்ளி. பின்னணியில் வெளிச்சம் சாதகமாக அமைந்தால் கம்பி ஒரு மினுக்கலாகத் தெரியலாம், அது தற்செயல். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன என்றால், அவை தோலை இழுத்துப் பிடிக்கும் கயிறாகவோ வாராகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கோடே தெரியவில்லை என்பதால் நரம்பு இல்லை என்றும் ஆகாது.

அப்படியானால் நரம்புக் கருவியை எதைக் கொண்டு அறிவது? நரம்பைத் தாங்கும் உறுப்புகளைக் கொண்டு. பிரடைகள் விரல் பருமன் உள்ளவை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பவை; பதினைந்து மடங்கு சுருங்கினாலும் முட்களைப் போல் தெரியும். குடத்தின் மேல் குதிரை ஒரு சிறு மேடாகத் தெரியும். தண்டியில் மெட்டுகள் இருந்தால் சம இடைவெளி இல்லாத ஏணிப்படிகளாகத் தெரியும்; மேலே அகன்றும் குடத்தை நெருங்க நெருங்க நெருங்கியும் வரும். இந்த ஒழுங்கான குறுகல் அலங்காரத்தில் தற்செயலாக வராது. ஒலி எழுப்பும் நரம்புக்கு இரண்டு முனையும் வேண்டும். நடுவே எதையும் தொடாமல் அதிர ஒரு வெற்று நீளம் வேண்டும். ஒரு முனையிலாவது இறுக்கித் தளர்த்த வழி வேண்டும். இந்த மூன்றுக்கும் இடமில்லாத கருவியில் எத்தனை கோடு ஓடினாலும் அது நரம்புக் கருவி ஆகாது.

இதை ஒரு மாதிரிப் படத்தில் செய்து பார்ப்போம். படம் என் கற்பனைதான். அளவுகள் உண்மைக் கருவியின் அளவுகள். மலைக்கோயில் வாசலில் ஒருவர் நிற்கிறார். அவருடைய இடக்கையில் இடை சிறுத்து இரு பக்கமும் அகன்ற பொருள். இரு பக்கத்துக்கும் இடையே வெண்மையான கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. வலக்கை மங்கலாக இருக்கிறது. இந்தக் கோடுகளைப் பார்த்தவுடன் யாழைப்போல ஏதோ ஒன்று என்று சொல்லிவிட ஆள் உண்டு.

முதல் வேலை அளவெடுப்பது. வளர்ந்த ஆணின் உள்ளங்கை அகலம் எட்டரை செ.மீ. அளவில் இருக்கும். படத்தில் அது 85 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு ஒரு மி.மீ. பொருளின் நீளம் 260 புள்ளி, அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல். கோடுகள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று புள்ளி. எல்லாம் ஒரே பருமன். இது முதல் தடயம்: பல நரம்புகள் உள்ள கருவியில் பருமன் பொதுவாக மாறிக்கொண்டே போகும், தோல் இழுக்கும் கயிறு ஒரே நீளக் கயிறு என்பதால் எங்கும் ஒரே பருமன். அடுத்து, கோடுகள் எங்கே முடிகின்றன? முடியவே இல்லை. ஒரு விளிம்பு வளையத்தைத் தொட்டுத் திரும்பி எதிர் விளிம்புக்குப் போகின்றன. பிரடைக்கோ முடிச்சுக்கோ இடமே இல்லை. மூன்றாவது, நடு இடையில் இந்தக் கோடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டை கட்டியிருக்கிறது. இடக்கையின் விரல்கள் அதன் மேல் இறுகப் பிடித்திருக்கின்றன. அதிர வேண்டிய நரம்பை யாரும் நடுவில் இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள். பிடித்தால் ஒலி செத்துப்போகும். இங்கே பிடிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது: கயிறு உள்ளே நெருங்கும்போது இரு பக்கத் தோலும் இறுகி ஒலி உயர்கிறது, விட்டால் தாழ்கிறது. வலக்கையின் மங்கல் விரல்நுனியில் அதிகமாகவும் மணிக்கட்டில் குறைவாகவும் இருந்தால் விரலால் தட்டுகிறார் என்பது உறுதி. இது உடுக்கை, தோற்கருவி.

அகன்ற பக்கத்தில் தோல் தெரிகிறதா என்று நான் இதுவரை கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் காமிராவுக்குத் தெரியாத கோணத்தில் திரும்பியிருந்தாலும் முடிவு மாறாது. கயிற்றின் போக்கே அந்த முனையில் இழுபடும் ஒன்று இருப்பதைச் சொல்லிவிடுகிறது.

அருகிலேயே இன்னொருவர் வளைந்த குச்சி ஒன்றைக் கருவியின் முகத்தில் வைத்து இழுக்கிறார் என்றால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. வில்லால் இழுப்பது வயலின், சாரங்கி வகை என்ற பழக்கம் நம் கண்ணில் ஊறிப்போயிருக்கிறது. உறுமியின் ஒரு முகம் அடிக்கப்படுகிறது. மறுமுகத்தில் வளைந்த குச்சி அழுத்தித் தேய்க்கப்படுகிறது. அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் வருகிறது. படத்தில் இரண்டையும் பிரிப்பது எளிது, தெரிந்தால். வில்லுக்கு இரு முனைக்கு இடையே முடி கட்டிய இரண்டாவது கோடு உண்டு. உறுமிக் குச்சிக்கு ஒரே கோடுதான். வில் நரம்புக்குக் குறுக்காகச் செங்கோணத்தில் ஓடும், தொடும் இடம் ஒரு புள்ளி. உறுமிக் குச்சியின் முனை தட்டையான முகத்தின் மேல் படிந்திருக்கும். பல நாள் வாசித்த உறுமியில் அந்த இடம் தோலில் நிறம் மாறியும் இருக்கும். தேய்ப்பது நரம்புக்கு மட்டும் உரிய செயல் அல்ல என்று மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

இதற்கு நேர் எதிரான கருவி துந்தினா. ஒரு மர உருளை. அடிப்பக்கம் தோல் போர்த்தியிருக்கும், மேல்பக்கம் திறந்திருக்கும். பார்வைக்குச் சிறு மேளம் என்றே தோன்றும். உருளையின் பக்கத்தில் ஒரு மூங்கில் கழி நிமிர்ந்து நிற்கிறது. தூரத்துப் படத்தில் அதை மேளம் தாங்கும் கோல் என்றோ, அடிக்கும் குச்சி என்றோ நினைக்கலாம். ஆனால் கழியின் உச்சியில் ஒரு பிரடை இருக்கிறது. தோலின் நடுவிலிருந்து உருளைக்குள்ளே மேலேறி வரும் ஒற்றை நரம்பு அந்தப் பிரடையில் முடிகிறது. நரம்பு படத்தில் விழாது, பிரடை விழும். வாசிப்பவரின் விரல் தோலுக்கு அருகிலேயே போகாமல் உருளைக்கு மேலே வெறும் காற்றில் வளைந்து நிற்பதும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விரல் மீட்டுகிறது. முன் சொன்ன மூன்று தேவையும், அதாவது இரு முனை, வெற்று நீளம், இறுக்கும் வழி ஆகிய மூன்றும், இங்கே நிறைவேறுகின்றன.

துந்தினாவின் உறவான வங்கத்துக் கமக்கில் கழியே இல்லை; நரம்பின் மேல்முனையை ஒரு சிறு பிடியோடு கையில் பிடித்து இழுத்தபடி மீட்டுவார்கள். அறிஞர்களே தடுமாறிய இடம் இது. நரம்பின் அசைவை ஏற்றுத் தோல் ஒலிக்கிறது என்று கருதி ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் இவ்வகையை 'மீட்டும் மேளம்' என்று தோற்கருவியில் வைத்தார்கள். முதலில் அதிர்வது நரம்புதான், தோல் அதற்குப் பலகை மட்டுமே என்று பிற்கால ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எனக்கு இரண்டாவது கட்சியே சரியாகப் படுகிறது, ஏனென்றால் சுருதி இழுக்கும் இழுப்பில் மாறுவது நரம்பின் இழுவிசையால். ஆனால் கருவியைக் கையில் வைத்துப் பார்த்தவர்களே பிரிந்து நின்ற ஒன்றைப் படம் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஊதும் கருவிகளில் விசை நுழையும் இடம் ஒன்றே ஒன்று, வாய். கருவி உதட்டில் படவேண்டும் அல்லது உதட்டுக்கு நேர் எதிரே ஒரு துளை இருக்க வேண்டும். கொம்பு, நாகசுரம், புல்லாங்குழல் எல்லாவற்றிலும் இது வெளிப்படை. இவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சிக்கல் சுரைக்காயில் வருகிறது. பக்கத்தில் வைக்கப்பட்ட சுரைக்காய், அதிலிருந்து நீண்ட தண்டு என்றால் கின்னரி வகை வீணையா, மகுடியா? மகுடியில் சுரைக்காயின் மேல்முனையில் ஊதுகிறார்கள். கீழே இரண்டு குழல்கள் மெழுகால் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்றில் விரல்துளைகள், மற்றது சுருதிக்கு. நாணல் சீவாளிகள் சுரைக்காய்க்குள்ளேயே மறைந்திருப்பதால் படத்தில் ஒருபோதும் தெரியாது. தண்டு ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்ப்பதே பாதி விடை. துளைகளும் உதவும். விரல்துளைகள் ஒரே வரிசையில், விரல் இடைவெளியில் இருக்கும். மரச் சட்டத்தில் தனியாக ஒரே ஒரு துளை இருந்தால் அது உள்ளே காற்று போய்வர வைத்த துளையாக இருக்கலாம், வாசிக்க வைத்தது அல்ல.

வாயருகே இருப்பதெல்லாம் துளைக்கருவி என்று சொல்லிவிடவும் முடியாது. மோர்சிங் பற்களோடு சேர்த்துப் பிடிக்கப்படுகிறது. ஆனால் ஒலிப்பது விரலால் மீட்டப்படும் இரும்பு நாக்கு, வாய் அதற்குக் கூடு. படத்தில் ஊதுபவரின் கன்னம் உப்பியிருக்கும், மோர்சிங் வாசிப்பவரின் கன்னம் உள்வாங்கியிருக்கும், ஒரு விரல் முகத்துக்கு வெளியே கொக்கியாக நிற்கும். படத்தின் கீழ் எழுதிய குறிப்பை நம்பினாலும் ஏமாறலாம். முகவீணை என்று எழுதியிருந்தால் நரம்பைத் தேடக்கூடாது. அது சிறு நாகசுரம் போன்ற சீவாளிக் கருவி.

வடிவமும் உறுப்பும் எல்லாம் சரியாகச் சொல்லியும் கேட்டவரின் கேள்விக்கு விடை கிடைக்காமல் போகும் கருவி ஒன்று தமிழகத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலின் கெத்து வாத்தியம் பார்வைக்குத் தம்புராவைப் போன்றது: குடம், தண்டி, பிரடை, நான்கு நரம்பு. வாசிப்பவர் அதை மீட்டுவதில்லை, குச்சியால் தட்டுகிறார். அது தாளம் போடும் வாத்தியம். சுவரில் மாட்டிவைத்த நிலையில் படம் எடுத்திருந்தால் யாரும் தம்புரா என்றே எழுதுவார்கள். குச்சியோடு எடுத்திருந்தால் 'தட்டும் கருவி' என்பார்கள். இரண்டுமே முழு விடை அல்ல. அமைப்பால் அது நரம்புக் கருவி, பணியால் தாளக்கருவி. காஷ்மீரத்துச் சந்தூரும் மேற்கத்திய பியானோவும் இப்படித் தட்டி ஒலிக்கும் நரம்புக் கருவிகளே. ஆகவே விடை எழுதும்போது இனம் ஒன்று, வாசிக்கும் முறை ஒன்று என இரண்டு வரியாக எழுதுவதே நேர்மை.

தென்மாவட்டத்து வில்லுப்பாட்டின் வில் இதைவிடக் கடினம். நீண்ட வில், இறுக்கிக் கட்டிய நாண், இரு கையிலும் வீசுகோல். நாண் தடித்த கயிறாகையால் படத்தில் நன்றாகவே தெரியும். மேலே சொன்ன கணக்குக்கு இது விதிவிலக்கு. நாணைத் தட்டுகிறார்கள். ஆனால் கேட்பவர் காதில் ஓங்கி விழுவது வில் தண்டில் வரிசையாகக் கட்டிய மணிகளின் ஒலி. நாண் அதிர்ந்து, தண்டு குலுங்கி, மணிகள் ஒலிக்கின்றன. முதலில் அதிர்வது நாண்; நாம் கேட்பது கஞ்சக்கருவி. வில் சாய்ந்திருக்கும் குடத்தையும் தனியே ஒருவர் தட்டுவார். படத்தில் மணிகளை எண்ணாமல் விட்டவர் அதை நரம்புக் கருவி என்று எழுதிவிட்டு, கேட்டறியாத ஓர் இசையைத் தவறாகக் கற்பனை செய்துகொள்வார்.

அசைவின் தடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிர்வைப் படம் காட்டாது என்று முதலில் சொன்னதற்கு இது ஒரு திருத்தம். நொடிக்கு நூறு முறை அதிரும் நரம்பை ஐம்பதில் ஒரு நொடி வெளிச்சத்தில் படம் எடுத்தால், அதற்குள் நரம்பு இரண்டு முறை முழுதாக ஆடிவிடுகிறது. இரு முனையில் கூர்மையாகவும் நடுவில் அகன்றும் ஒரு மங்கல் பட்டை பதிவாகும். ஆயிரத்தில் ஒரு நொடியில் எடுத்தால் ஆட்டத்தின் பத்தில் ஒரு பங்குதான் பதியும். நரம்பு அசையாமல் நிற்பதாகத் தோன்றும். கைபேசி காமிரா படத்தை ஒரேயடியாகப் பதியாமல் வரிவரியாகப் பதிவதால், அருகிலிருந்து எடுத்த படத்தில் சில வேளை கம்பி பாம்பைப்போல் நெளிந்து தெரியும். அந்த நெளிவு காமிராவின் பிழை; கம்பி உண்மையில் ஆடிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களில் இந்த உதவி இல்லை. வெளிச்ச நேரம் நீண்டதால் ஆளை அசையாமல் நிற்கச் சொன்னார்கள். கை ஓய்ந்து நிற்கிறது; வாசிக்கும் நிலை என்று நாம் எண்ணுவது பிடித்துநிற்கும் நிலையாகவே இருக்கலாம்.

அந்தத் தகடுகளோடு வரும் இன்னொரு ஆபத்து இட வல மாற்றம். தகட்டைப் புரட்டி அச்சிட்டால் இடக்கை வலக்கையாகிவிடும். உறுமியில் தேய்க்கும் முகம் எது, அடிக்கும் முகம் எது என்று அப்படிப்பட்ட படத்தை வைத்து எழுதினால் தவறாகிவிடும். புடவைத் தலைப்பு விழும் தோள், பின்னணியில் உள்ள எழுத்து, கோயில் வாசலின் தெரிந்த அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு முதலில் படத்தின் திசையைச் சரிபார்க்க வேண்டும். இனம் எது என்ற கேள்விக்கு இந்தப் பிழை தீங்கு செய்யாது. வாசிக்கும் முறையைப் பற்றிய வரியைத்தான் அது கெடுக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு படத்திலிருந்து எவ்வளவு உறுதி கிடைக்கும்? என் கணிப்பில், வாசிப்பவரும் கருவியும் சேர்ந்து தெரியும் படத்தில் தோல், துளை இரண்டையும் ஏறத்தாழத் தயக்கமின்றிச் சொல்லலாம். நரம்பைப் பிரடையோ குதிரையோ தெரிந்தால் மட்டும் சொல்ல வேண்டும். கருவி தனியே கிடக்கும் படத்தில் அமைப்பைச் சொல்லலாம். தட்டினார்களா, மீட்டினார்களா, தேய்த்தார்களா என்பதைச் சொல்லக்கூடாது. சுருதி, ஒலியின் தன்மை, எந்தச் சடங்கில் வாசிக்கிறார்கள் என்பவற்றைப் படத்திலிருந்து எழுதுவது வெறும் ஊகம்.

சேர்வராயன் மலைக்கோ, கொல்லிமலைக்கோ, கல்வராயன் மலைக்கோ திருவிழாவுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாசிப்பவரின் அனுமதியோடு இன்னும் இரண்டு படம் எடுங்கள். ஒன்று கயிறோ நரம்போ முடியும் இடத்தை அருகிலிருந்து. மற்றது காமிராவுக்குத் தெரியாமல் திரும்பியிருந்த பக்கத்தை. கருவிக்கு அவர் சொல்லும் பெயரை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள். நமக்குத் தெரிந்த வேறொரு பெயராக அதைத் திருத்த வேண்டாம்.